ரெண்டு நட்சத்திரம் போட்டவரெல்லாம் லெப்டினன்டா? ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் பதில்கள்

கல்லூரி மாணவர்: லெப்டினன்டுக்கும் ரெண்டு நட்சத்திரம், சுபேதாருக்கும் ரெண்டு நட்சத்திரம். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நட்சத்திரத்துக்குக் கீழே பாருங்க தம்பி. சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒரு சின்னப் பட்டை இருந்தால் அவர் ஜே.சி.ஓ., அதாவது சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்தவர். பட்டை இல்லாவிட்டால் அகாடமியில் பயிற்சி முடித்து கமிஷன் வாங்கிய ஆபீசர். கையில் வரி போட்டவர்கள் ஜே.சி.ஓ.வுக்குக் கீழே உள்ள என்.சி.ஓ.; ஒன்று லான்ஸ் நாயக், ரெண்டு நாயக், மூணு ஹவில்தார்.

22 வயது லெப்டினன்டுக்கு 25 வருட சர்வீஸ் உள்ள சுபேதார் சல்யூட் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த லெப்டினன்ட் அவரை 'சாப்' என்றுதான் கூப்பிடுவார். எங்களிடம் புதிதாக வந்த ஒரு பையன், ராத்திரி மார்ச்சுக்கு மேப்பைப் பார்த்து ஓடை வழியாகக் குறுக்குப் பாதை போட்டார். முந்தின நாள் நல்ல மழை. ஆட்கள் முன்னால் ஒன்றும் சொல்லாமல், டீ குடிக்கும்போது தனியாக, "சார், அங்கே இடுப்பளவு தண்ணி நிக்கும்" என்றேன். பாதையை மாற்றி ஆர்டர் போட்டது அவர்தான், நான் இல்லை. ஜே.சி.ஓ.வின் வேலையில் பாதி இதுதான்.

சிவகங்கை வாசகர்: சர்வீஸ் முடியும்போது சுபேதார் மேஜர் தானாகவே லெப்டினன்ட் ஆகிவிடுவார், இல்லையா? எங்கள் தாத்தா கேப்டனாக ரிட்டயர் ஆனவர்.

பாதி சரி. தாத்தா வாங்கியது கௌரவ கேப்டன். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 பட்டியல்களில், நல்ல ரெக்கார்டு உள்ள மூத்த ஜே.சி.ஓ.க்களில் சிலருக்குக் கொடுப்பார்கள், எல்லாருக்கும் கிடைக்காது. மரியாதை உண்டு, ஆனால் கம்பெனியை நடத்தும் அதிகாரம் அதோடு வராது. சிப்பாயிலிருந்து ஏறும் ஏணி சுபேதார் மேஜரோடு முடிகிறது, ஒரு பட்டாலியனுக்கு அவர் ஒருத்தர்தான். ஆபீசர் ஆக வேறு ஏணி, அதில் சின்ன வயதிலேயே கால் வைக்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையில் 'கௌரவ' போடாமல் வெறும் கேப்டன் என்று அச்சடிக்கலாமா என்பது எங்கள் ஊர்ச் சங்கத்தில் இன்னும் தீராத சண்டை, நான் அதில் தலையிடுவதில்லை.

விமானப்படை வீரரின் மகள்: அப்பா வாரண்ட் ஆபீசர். ராணுவத்தில் ஏன் அந்தப் பெயர் இல்லை?

அப்பாவும் எங்களைப் போல சார்ஜென்டிலிருந்து மேலே வந்தவர்தான்மா. ஜூனியர் வாரண்ட், வாரண்ட், மாஸ்டர் வாரண்ட் என்கிற மூன்றும் எங்கள் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜருக்குச் சமம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ஆபீசர்கள் அவன் ஆட்கள்; அவர்களுக்கும் சிப்பாய்க்கும் நடுவில், பாஷை தெரிந்த நம் ஆட்களுக்கு வைஸ்ராய் பெயரில் ஒரு கமிஷன் கொடுத்து பிளட்டூனையே நடத்த விட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு அதுதான் ஜே.சி.ஓ. ஆனது. அமெரிக்கப் படத்தில் ஹெலிகாப்டர் ஓட்டும் வாரண்ட் ஆபீசரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே அது தொழில் நிபுணர்களுக்கான தனிப் பிரிவு, பெயர் மட்டும்தான் ஒன்று.

ஒரு தாய்: மகன் அக்னிவீரில் சேர்ந்திருக்கிறான். நாலு வருடத்தில் ஹவில்தார் ஆவானா சார்?

ஆகமாட்டார்மா. அக்னிவீர் என்பது தனி நிலை. நாலு வருடம் முடிந்து 25 சதவீதம் வரைக்கும்தான் நிரந்தரமாக எடுப்பார்கள், எடுத்த பிறகுதான் இந்த ஏணியே ஆரம்பம். நடுவில் டிகிரி ஒன்று முடித்து வைக்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்: வயது 23, சிப்பாய், நாலு வருட சர்வீஸ். நாயக் கேடருக்குப் போகவா, ஏ.சி.சி. எழுதவா?

கேடர் என்பது நாயக் ஆவதற்கான பயிற்சியும் தேர்வும், ஏ.சி.சி. என்பது சிப்பாய் ஆபீசர் ஆகும் வழி; ரெண்டும் ஒன்றை ஒன்று தடுக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூவும் 2 வருட சர்வீஸும் இருந்தால் 20 முதல் 27 வயதுக்குள் ஏ.சி.சி. எழுதலாம். தேர்வு, அப்புறம் எஸ்.எஸ்.பி. என்கிற ஆபீசர் தேர்வு வாரிய நேர்காணல், பிறகு டேராடூனில் மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. இப்போதே கிடைத்தால் 27, 28-ல் லெப்டினன்ட். ஆபீசருக்கு லெப்டினன்ட் கர்னல் வரைக்கும் சர்வீஸ் வருடத்தைப் பார்த்தே பதவி உயர்வு தருகிறார்கள், 13 வருடம் என்றால் உங்களுக்கு நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில்.

இந்தப் பக்கம் அப்படி இல்லை. கேடர் பாஸ் பண்ணினாலும் மேலே ஒருத்தர் ரிட்டயர் ஆனால்தான் காலியிடம் வரும். என் பேட்ச்மேட் ஒருவர் என்னைவிட நன்றாகவே கேடர் முடித்தார், சீனியாரிட்டியில் மூன்று பேர் பின்னால் இருந்ததால் ஹவில்தாரோடு நின்றுவிட்டார். சம்பளத்திலும் அடிமட்டத் தொகையைப் பாருங்கள்: நாயக் 25,500, சுபேதார் மேஜர் 47,600, லெப்டினன்ட் 56,100.

எஸ்.எஸ்.பி.யில் விழுந்தால் அவமானம் என்று நம் பையன்கள் ஃபாரமே வாங்குவதில்லை. விழுந்தால் மறுநாள் அதே பாரக்ஸ், அதே நாயக் கேடர், அவ்வளவுதான். 27 தாண்டினால் 28-லிருந்து 35 வரை இன்னொரு வழி உண்டு, அதற்கு 5 வருட சர்வீஸ் வேண்டும். அதை நம்பி இதை விடாதீர்கள்.