யூடியூப் சேனல் நடத்தியவர் இறந்தால் அதன் வருமானம் குடும்பத்துக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் கணவர் திருகோணமலையில் யூடியூப் சேனல் நடத்துகிறார், மாதாமாதம் பணம் வருகிறது. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் சேனலும் பணமும் எங்களுக்கு வருமா? இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: வரும். ஆனால் சேனல் ஒரு வழியாகவும் பணம் இன்னொரு வழியாகவும் வரும். இதை அறியாத குடும்பங்கள்தான் அதிகம் அலைகின்றன. வீடியோக்கள் இருப்பது சேனலில். பணம் சேர்வது கூகுளின் அட்சென்ஸ் கணக்கில். சேனலுக்குப் பல உரிமையாளர்கள் இருக்கலாம். அட்சென்ஸ் கணக்கோ ஒருவர் பெயரில் மட்டுமே இருக்கும், அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

என் அத்தான் நிலாவெளிக் கரைவலைத் தொழிலைப் படமாக்கி வந்தார். ஒரு மார்ச் மாத நடுவில் மாரடைப்பால் இறந்தார். பெப்ரவரி வருமானம் ஏற்கெனவே அட்சென்ஸில் சேர்ந்திருந்ததால், வழக்கம்போல் 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையில் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. பிறகு அக்கா மரணச் சான்றிதழை வங்கியில் கொடுத்தார். கணக்கை முடக்கினார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மார்ச் வருமானம் அட்சென்ஸில் சேர்ந்தது. ஆனால் வங்கி ஏற்காததால் அந்தப் பணம் திரும்பிப்போய் அட்சென்ஸிலேயே தேங்கிவிட்டது. வங்கிக் கணக்கின் பெயரும் அட்சென்ஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், அக்காவின் கணக்கு எண்ணை அங்கே போடவும் வழியில்லை.

அக்காவைக் காப்பாற்றியது ஒரே ஒரு விஷயம். வீடியோக்களை அவரே தொகுத்து வந்ததால், அத்தான் அந்தச் சேனலை, பலர் உரிமையாளராக இருக்கக்கூடிய பிராண்ட் கணக்காக மாற்றி, அக்காவையும் உரிமையாளராகச் சேர்த்திருந்தார். எனவே அக்கா தன் பெயரில் புதிய அட்சென்ஸ் கணக்குத் திறந்து, அடையாளத்தையும் முகவரியையும் உறுதிப்படுத்தி, சேனலை அதனோடு இணைத்தார். அன்றிலிருந்து வந்த வருமானம் அவருடைய கணக்கில் சேர்ந்தது. பழைய கணக்கில் தேங்கிய தொகைக்கு, இறந்தவரின் கணக்கு தொடர்பாக கூகுள் வைத்திருக்கும் விண்ணப்பப் படிவத்தில் பணத்தைக் கோரும் தெரிவைத் தேர்ந்து விண்ணப்பித்தார். மரணச் சான்றிதழும் விண்ணப்பிப்பவரின் அடையாள ஆவணமும் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரதி வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் தரமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. இறந்தவருடைய ஏடிஎம் அட்டையால் பணத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில், எங்கள் பகுதிக்குப் பொருந்தும் பொதுச் சட்டப்படி பாதி துணைவருக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. வீடியோக்களின் பதிப்புரிமையும் அந்தச் சொத்தில் சேர்ந்ததே. இலங்கைச் சட்டத்தில் அது வீடியோ முதலில் வெளியானதிலிருந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஆகவே சேனலில் இனி வரும் பணத்துக்கும் கணக்கு எழுதி வையுங்கள். பின்னாளில் பிள்ளைகள் கேட்கும்போது காட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வரும். ஆறு மாதத்துக்கு மேல் வீடியோவோ சமூகப் பதிவோ போடாமல் விட்டால், யூடியூப் அந்தச் சேனலின் வருமான வசதியை நிறுத்திவிடலாம். துக்க வீட்டில் ஆறு மாதம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தான் எடுத்து வைத்திருந்த காட்சிகள் வன்தட்டில் கிடந்ததால், அக்கா அவற்றில் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, கணவர் சேனலை பிராண்ட் கணக்காக மாற்றி உங்களை உரிமையாளராகச் சேர்ப்பது. மேலாளராகச் சேர்த்தால் போதாது. வீடியோ ஏற்றலாமே தவிர, சேனல் உங்கள் கைக்கு வராது. பிராண்ட் கணக்கில் சேர்ந்து ஏழு நாள் ஆன உரிமையாளரை முதன்மை உரிமையாளராகவும் ஆக்கலாம். வயதானவர்கள் நடத்தும் சேனலுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து, அவருடைய கூகுள் கணக்கில் Inactive Account Manager என்ற அமைப்பைத் திறக்கச் சொல்லுங்கள். கணக்கு எத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்று அவரே குறிக்கலாம். குறைந்தது மூன்று மாதம். எந்தத் தரவுகள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதையும் குறிக்கலாம். இது தரவுகளைத் தரவிறக்கும் வசதி மட்டுமே, பணத்தைத் தராது. அதனால் உரிமையாளராகச் சேர்ப்பதற்கு இது மாற்று ஆகாது.

அவருக்கு ஏதாவது நேர்ந்தால், அவருடைய தொலைபேசி இலக்கத்தை உடனே துண்டித்துவிடாதீர்கள். வங்கியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் செய்திகள் அதற்குத்தான் வரும். கடைசியாக, பணம் வரும் வங்கிக் கணக்குக்கு உங்களைப் பின்னுரித்தாளராக நியமிக்க முடியுமா என்று கிளையில் கேட்டு, படிவத்தை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நியமனம் இருந்தால் கணக்கில் உள்ள பணத்தை வங்கி உங்களிடம் கொடுக்க இடமுண்டு. இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்து, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் பெற வேண்டி வரலாம். அக்காவின் விஷயத்தில் சேனல் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. இழுத்தடித்தது இந்த வங்கிக் கணக்குத்தான்.