தீபாவளி விளம்பரத்தின் உண்மையான ஆதாயம்

“பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவைக்கடை. விளம்பரத்துக்கு 5,000 ரிங்கிட் செலவு, அம்மாத விற்பனை 40,000. ஆதாயம் 700 விழுக்காடு என்கிறார் முகவர். சரிதானா?”

வணக்கம். முகவர் மொத்த விற்பனையையே ஆதாயமாக்கிவிட்டார். விளம்பரம் இல்லாமலேயே தீபாவளிக்கு 22,000 ரிங்கிட் விற்றிருக்கும் என்று கொண்டால், கூடுதல் விற்பனை 18,000. புடவையின் கொள்முதல் விலை போக 40 விழுக்காடு நிற்குமானால் 7,200. அதில் செலவு 5,000 போக மிஞ்சும் 2,200, போட்ட பணத்தில் 44 விழுக்காடுதான்.

சிக்கல் அந்த 22,000-இல் இருக்கிறது. அது 28,000 என்றால் உங்களுக்கு 200 ரிங்கிட் நட்டம். முகநூலில் விளம்பரம் பார்த்தவர், வானொலியிலும் கேட்டு, எப்படியும் அந்தத் தெருவுக்கு வரவிருந்தவராகவும் இருக்கலாம். தள்ளுபடிக் குறியீட்டைக் காட்டினார் என்பதாலேயே விளம்பரம்தான் அழைத்து வந்தது என்றாகிவிடாது. பட்டர்வொர்த்தில் கிளை இருந்தால், அடுத்த முறை அப்பகுதிக்கு மட்டும் விளம்பரத்தை நிறுத்தி, இரு கடைகளின் விற்பனையும் சென்ற தீபாவளியைவிட எவ்வளவு மாறியது என்று ஒப்பிடுங்கள்.