வியர்வையா, விரல் உறையா, கண்ணாடியா: தொடுதலைக் கெடுப்பது எது?

கேள்வி: கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறேன். கால் மணி நேரம் நன்றாகப் போகும். பிறகு கட்டைவிரல் வியர்த்துத் திரையில் ஒட்டிக்கொள்ளும், குறி எகிறும். விரல் உறை வாங்கினேன். இப்போது விரல் நன்றாக வழுக்குகிறது, ஆனால் இழுக்கும்போது பாதியில் தொடுதல் அறுந்துவிடுகிறது. டெம்பர்டு கிளாஸும் ஒட்டியிருக்கிறேன். எதை மாற்றுவது?

பதில்: கண்ணாடியை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். உங்களுக்கு இருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். உறை முதலாவதைத் தீர்த்துவிட்டு இரண்டாவதைக் கொண்டுவந்திருக்கிறது.

விரல் ஒட்டுவது உராய்வுக் கோளாறு. இலேசாக ஈரமான தோல் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். நீங்கள் இன்னும் பலமாக இழுத்ததும் சட்டென்று விடுபட்டுப் பாயும். குறி எகிறுவது அந்தப் பாய்ச்சலால்தான். திரை தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

பாதியில் அறுவது மின்சைகைக் கோளாறு. திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை இருக்கிறது. விரல் நெருங்கினால் அந்த இடத்து மின்னூட்டம் சிறிது மாறும். மாற்றம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் கைப்பேசி அதைத் தொடுதலாக ஏற்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கண்ணாடி 0.33 மி.மீ. தடிமன், அது விரலை வலையிலிருந்து தள்ளிவைத்துச் சைகையைக் கொஞ்சம் குறைக்கிறது. அதன் மேல் உறையின் துணி இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. தனித்தனியாக இரண்டுமே தாங்கக்கூடியவை. சேரும்போது சைகை எல்லைக்கோட்டில் தத்தளிக்கிறது. 'தாமதமே இல்லை' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கண்ணாடி வாங்காதீர்கள். கண்ணாடியால் வரும் சிக்கல் பெரும்பாலும் தாமதம் அல்ல, விடுபட்டுப்போகும் தொடுதல்.

பணம் செலவழிக்கும் முன் இதைச் சோதித்துவிடலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் அமைப்புகளில் Build number என்பதை 7 முறை தட்டுங்கள். Developer options திறக்கும். அதில் Pointer location-ஐ இயக்குங்கள். இனி விரல் போகும் பாதை திரையில் கோடாக விழும், மேலே P: 1 / 1 என்பது போல விரல்களின் எண்ணிக்கை தெரியும். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், மோசமான சார்ஜரின் மின்னிரைச்சலே போலித் தொடுதலை உண்டாக்கக்கூடும். பிறகு உறை அணிந்த கட்டைவிரலை மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாக இழுங்கள். தொடுதல் நடுவில் அறுந்தால் அதுவரை விழுந்த கோடு மறைந்து, புதிய இடத்தில் வேறு கோடு தொடங்கும். அடுத்து வெறும் விரலால் அதையே செய்யுங்கள். வெறும் விரலில் கோடு முழுதாக வந்தால் கண்ணாடியை மாற்றத் தேவையில்லை, உறைதான் காரணம். வெறும் விரலிலும் அறுந்தால் கண்ணாடியின் அடியில் தூசியோ காற்று இடைவெளியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓரங்களில் மட்டும் பசை உள்ள கண்ணாடிகளில் நடுவில் காற்று தங்கும். தடிமனைவிட அது அதிகம் கெடுக்கும்.

நன்றாக வியர்த்த பிறகு மூன்றாம் முறை பாருங்கள். ஒரே விரல் வைத்திருக்கும்போது P: 2 / 2 என்று வந்தால், திரையில் தேங்கிய உப்பு கலந்த வியர்வைத் துளியைக் கைப்பேசி இன்னொரு விரலாக எடுத்துக்கொள்கிறது.

உறைதான் காரணம் என்று தெரிந்தால், அமைப்புகளில் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். சில கைப்பேசிகளில் அது Touch sensitivity என்றும், சிலவற்றில் கையுறை முறை என்றும் இருக்கும். அதை இயக்கிக் கோடு முழுதாக வந்தால் செலவே இல்லை. ஆனால் இதை மறக்காதீர்கள்: உறையைக் கழற்றியதும் அந்த வசதியையும் அணைத்துவிட வேண்டும். பலவீனமான சைகையையும் ஏற்கச் சொன்ன திரை, வெறும் விரலில் ஆடும்போது வியர்வைத் துளியையும் சுலபமாக ஏற்றுவிடும்.

அதற்கும் தீரவில்லை என்றால் வேறு உறை வாங்குங்கள். மின்கடத்தும் இழை, பெரும்பாலும் வெள்ளி பூசிய நூல், நுனி முழுவதும் அடர்த்தியாகப் பின்னப்பட்டிருக்க வேண்டும். நுனியில் தையல் மேடு இருக்கக் கூடாது; அந்த மேடு துணியைத் திரையிலிருந்து தூக்கிவிடும். விரலோடு இறுக்கமாகப் பொருந்துவதும் அவ்வளவு முக்கியம். தொளதொளப்பான உறைக்குள் காற்று புகும், சைகை மறுபடியும் விழும். நனைந்து கனத்த உறையோடு ஆடாமல் மாற்றி அணிய இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். மென்மையாக்கித் திரவமும் பிளீச்சும் சேர்க்காமல் கையால் அலசி உலர்த்துங்கள். பழைய உறையில் கோடு மீண்டும் அறுபடத் தொடங்கினால் இழையின் பூச்சு தேய்ந்துவிட்டது, அதைக் கழித்துவிடலாம்.