மேடையில் மதத் தலைவர்கள், சபையில் இளம் உத்தியோகத்தர்கள்: நெறியாளருக்குக் கேள்வி பதில்

தர்ஷினி: அக்கா, வேலையிடத்துச் சிக்கல்களைப் பற்றி இளம் உத்தியோகத்தர்கள் மதத் தலைவர்களோட பேசுற நிகழ்ச்சிக்கு வெள்ளவத்தையில ஒரு மண்டபம் எடுத்திருக்கிறம். வெள்ளி பின்னேரம் ஐந்தரைக்கு. வேலை முடிஞ்சு எல்லாரும் வரலாம். தேரர், குருக்கள், மௌலவி, பாதர் நாலு பேரும் ஓம் எண்டிட்டினம். வேறென்ன பார்க்கவேணும்?

முதல்ல நேரத்தை மாத்துங்கோ தங்கச்சி. கொழும்பில் எந்த மாசமானாலும் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் மறையும், பிந்தினால் ஆறரை. பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் மௌலவி மஃரிப் தொழுகைக்கு எழும்ப வேண்டிவரும், சபையில் இருக்கிற முஸ்லிம் பிள்ளைகளும் கூடவே எழும்புவார்கள். சனிக்கிழமை மூன்றே முக்காலுக்குத் தொடங்குங்கோ. அஸர் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஐந்தேகாலுக்கு எல்லாரையும் அனுப்பிவிடலாம். குருக்களிடம் மட்டும் சாயங்காலப் பூசைக்கு வேறு ஆள் உண்டா என்று கேளுங்கோ. அந்தச் சனி போயா தினமா என்றும் பாருங்கோ. போயாவில் தேரர் விகாரையில் சில் எடுத்தவர்களோடு இருப்பார்.

தேரரின் கதிரைக்கு வெள்ளைத்துணி விரியுங்கோ. மதியத்துக்குப் பிறகு அவர் சாப்பிடமாட்டார், ஆகவே அவருக்கு முன்னால் ரோல்ஸ் தட்டை நீட்டாதீங்கோ, பாலில்லாத தேத்தண்ணி போதும். மைக் கொடுப்பது பெண்பிள்ளை என்றால் அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைக்கட்டும்.

ரமேஷ்: ஒவ்வொரு கேள்வியையும் நாலு பேரிடமும் கேட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் ஒருத்தருக்கும் மனக்குறை வராதே?

மனக்குறை வராது, அது உண்மை. ஆனால் ஒரு கேள்விக்கு இருபது நிமிடம் போய்விடும். தேரர் சிங்களத்தில் பேசி ஒருவர் தமிழில் சொன்னால் இன்னும் ஐந்து. ஒன்றரை மணித்தியாலத்தில் மூன்று கேள்வியைத் தாண்டமாட்டீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், நாலாவது ஆளுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. "நேர்மையாக உழைக்க வேண்டும்" என்பதையே நாலு பேரும் நாலு விதமாகச் சொல்லுவார்கள்.

சமத்துவத்தை மொத்த நேரத்தில் பாருங்கோ. இளம்பிள்ளைகள் வேலையில் சந்தித்த நாலு சம்பவம், ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு. கடைசியில் ஒவ்வொருவரும் இரண்டு தடவை பேசியிருப்பார். யாருக்கு எது என்பதை முதலே தொலைபேசியில் சொல்லிவையுங்கோ.

நிரோஷன்: பிரசங்கம் தொடங்கினால் எப்படி நிறுத்துவது? பெரியவர்களை இடைமறிக்க மனம் வராது.

தொடங்கின பிறகு நிறுத்துவது கஷ்டம். பிரசங்கத்தை வரவழைப்பது பெரும்பாலும் எங்கள் கேள்விதான். "வேலையும் விசுவாசமும் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் யாரும் பிரசங்கம்தான் செய்வார்.

ஒரு சம்பவம் சொல்லுகிறேன். ஓடிட் பயிற்சியில் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை. அவளுடைய குழுவை ஒரு சாராயக் கொம்பனியின் கணக்குப் பார்க்க அனுப்புகிறார்கள். மறுத்தால் மேலாளர் முகம் சுழிப்பார், போனால் வீட்டில் வாப்பாவுக்குச் சொல்லமுடியாது. இதை அவளே, கொம்பனிப் பெயர் இல்லாமல், ஒன்றரை நிமிடத்தில் சொல்லட்டும். பிறகு மௌலவியிடம் "இது கூடுமா, கூடாதா?" என்று கேட்காதீங்கோ. மேடையில் பத்வா கொடுக்க அவர் விரும்பமாட்டார், விரும்பாதது சரியும்கூட. அதற்கு ஜம்இய்யதுல் உலமாவில் பத்வாக் குழு இருக்கிறது. "திங்கட்கிழமை காலை மேலாளரிடம் போகமுதல் இந்தப் பிள்ளை எதையெல்லாம் யோசிக்க வேணும்?" என்று கேளுங்கோ. அப்போது அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசுவார். அடுத்தது தேரர். மதுபான வியாபாரம் பௌத்தத்திலும் விலக்கப்பட்ட தொழில், ஆனால் கணக்குப் பார்ப்பது அந்த வியாபாரம்தானா என்று கேட்டால் அவரும் யோசிக்க வேண்டிவரும்.

முக்கியமானது இதற்குப் பிறகு. பதில் முடிந்ததும் மைக் அவளிடமே திரும்பிப் போகட்டும்: "இது உங்களுக்கு உதவுமா? எந்த இடத்தில் உதவாது?" இந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட்டால் இளம்பிள்ளைகள் வெறும் கேட்போராகிவிடுவார்கள்.

இம்ரான்: எனக்கு ஜும்ஆவுக்குப் போக மேலாளர் விடுகிறாரில்லை. என்ன செய்ய?

இங்கே கேட்டது நிகழ்ச்சி நடத்துவது பற்றி, என்றாலும் சொல்லுகிறேன் தம்பி. லீவு கேட்காமல், வெள்ளியில் மட்டும் சாப்பாட்டு நேரத்தைப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை நீட்டி, மிச்ச அரை மணித்தியாலத்தைப் பின்னேரம் இருந்து தருகிறேன் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கோ. நீங்கள் சம்மதித்தால் இது மேடைக்கு நல்ல சம்பவம். ஆனால் மௌலவிக்குக் கொடுக்கமாட்டேன், அவர் பதில் தெரிந்ததே. ஞாயிறு பூசைக்கு வரமுடியாமல் ஷிப்ட் செய்யும் பிள்ளைகளைத் தெரிந்த பாதரிடம் கொடுப்பேன்.

கௌசல்யா: ஒருநாளும் ஒபிஸில் வேலை செய்யாதவர்களுக்கு எங்கள் பிரச்சினை என்ன விளங்கும்?

பாதி ஒத்துக்கொள்கிறேன். கேபிஐ, அப்ரைசல் என்று பேசினால் அவர்களுக்கு விளங்காது. ஆனால் கோயில் நிர்வாகசபையோடு மாரடிக்கிற குருக்களுக்கு மேலதிகாரி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். சம்பவங்களை அவர்களுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம். அப்படிச் சொன்னால் பதில் ஆழமாக வரும், ஆனால் ஒத்திகை பார்த்த மாதிரி இருக்கிறது என்று இளம்பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். இரண்டைச் சொல்லி இரண்டை மறைத்தும் பார்த்தேன், மறைத்த இரண்டில் குருக்கள் தடுமாறியதைச் சபை ரசித்தது, அவர் ரசிக்கவில்லை. இதில் நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?