சமன்செய் நீளம் எங்கே ஏமாற்றுகிறது: கேள்வி பதில்

தருமபுரியில் பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் செய்முறை நடத்திய ஆசிரியர் ஒருவர், உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி (பென்னாகரம், மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி): ஐயா, லெக்லாஞ்சி மின்கலத்தின் அக மின்தடையைப் பொட்டன்ஷியோமீட்டரில் கண்டுபிடித்தேன். சாவியைத் திறந்து வைத்தபோது சமன்செய் நீளம் 725 செ.மீ. கிடைத்தது. மின்தடைப் பெட்டியில் 2, 5, 10, 50 ஓம் வைத்தபோது 403, 565, 640, 707 செ.மீ. கிடைத்தன. விடை 1.60, 1.42, 1.33, 1.27 என்று மாறிக்கொண்டே போகிறது. எதை எழுதுவது? சராசரி போட்டுவிடலாமா?

பதில்: சராசரி வேண்டாம் அம்மா. இந்த நான்கு விடைகளும் ஒரே காரணத்தால் விலகவில்லை. முதலில் 50 ஓமை எடுத்துக்கொள்ளுங்கள். r = R(l₁ − l₂)/l₂ என்ற வாய்ப்பாட்டில் மேலே நிற்பது, அதாவது சாவி திறந்திருந்தபோது கிடைத்த l₁-க்கும் மூடியபோது கிடைத்த l₂-வுக்கும் உள்ள வேறுபாடு, வெறும் 18 செ.மீ. கம்பியைத் தொடும் ஜாக்கியை ஒரு செ.மீ. தள்ளி 706 என்று படித்திருந்தால் விடை 1.35 ஆகியிருக்கும், 708 என்று படித்திருந்தால் 1.20. ஆகவே உங்களுடைய 1.27-க்கும் 10 ஓமில் கிடைத்த 1.33-க்கும் இடையில் உண்மையான வேறுபாடு இருக்கிறது என்று இந்த அளவீட்டை வைத்துச் சொல்ல முடியாது.

2 ஓமில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒரு செ.மீ. பிழைத்தாலும் விடை 1.59-க்கும் 1.61-க்கும் இடையில்தான் நிற்கும். எனவே நீங்கள் நீளத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், மாறியது மின்கலம். 2 ஓமில் அது ஏறத்தாழ 0.4 ஆம்பியர் கொடுக்க வேண்டியிருக்கிறது. 10 ஓமில் 0.13 ஆம்பியர்தான். லெக்லாஞ்சி கலத்தில் கார்பன் தண்டைச் சுற்றியுள்ள மாங்கனீசு டை ஆக்சைடு, அங்கே சேரும் ஹைட்ரஜனை மெதுவாகத்தான் நீக்கும். மின்னோட்டம் அதிகமானால் அது பின்தங்கிவிடுகிறது, கலத்தின் மின்னியக்கு விசையே குறைகிறது. நம் வாய்ப்பாடோ அந்தக் குறைவு முழுவதையும் அக மின்தடையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. 2 ஓம் அளவீடு முடிந்தவுடன் சாவியை எடுத்துவிட்டு, உடனே மறுபடி l₁ பாருங்கள். 725-க்குப் பதில் 715 போலக் குறைந்து வந்து, சிறிது நேரத்தில் மெல்ல ஏறினால் களைத்தது கலம். 725-ஐத் தாண்டி நீண்டு வந்தால் களைத்தது முதன்மைச் சுற்றின் பேட்டரி. கம்பியில் ஒரு செ.மீ.க்கு விழும் மின்னழுத்தம் குறைந்ததால்தான் அதே கலத்துக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. ஏட்டில் 10 ஓம் விடையை எழுதி, R மதிப்பையும் அருகிலேயே குறித்துவிடுங்கள்.

கேள்வி (அரூர், ஆய்வக உதவியாளர்): பெரிய R-இல் தொடங்கிச் சிறியதற்கு வர வேண்டும் என்று எங்கள் பழைய ஆசிரியர் சொல்வார். இப்போது வந்தவர் எந்த வரிசையானாலும் சரி என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நான் உங்கள் பழைய ஆசிரியர் பக்கம். கலம் களைப்பதற்கு முன்பே நம்பத்தக்க அளவீடுகள் முடிந்துவிடும். ஆனால் புதியவருடைய வாதத்திலும் பொருள் இருக்கிறது: ஒவ்வொரு l₂-வுக்கும் முன்னும் பின்னும் l₁ எடுத்து, கலம் தேறும் வரை காத்திருந்தால் வரிசை ஒரு பொருட்டல்ல. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு மாணவர்கள் நிற்கும் வகுப்பில் அந்தக் காத்திருப்பு நடக்குமா என்பது வேறு கேள்வி.

கேள்வி (பாலக்கோடு, மாணவன்): சார், ஜாக்கியை எங்கே வைத்தாலும் கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கமாகத்தான் போகிறது. கால்வனாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

பதில்: ஒரு பக்கம் விலகுகிற கால்வனாமீட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. நேர்முனைகள் சேரும் தொடக்கப் புள்ளியிலிருந்து ஜாக்கியை மறுமுனைக்குக் கொண்டுபோய், விலகலின் அளவைக் கவனியுங்கள். போகப்போகக் குறைந்து, பூச்சியத்தைத் தாண்டாமல் நின்றால் கம்பியில் மின்னழுத்தம் போதவில்லை. ரியோஸ்டாட்டைக் குறையுங்கள், அல்லது நன்றாகச் சார்ஜ் செய்த பேட்டரியை வையுங்கள். போகப்போகக் கூடினால் மின்கலம் தலைகீழாக இணைந்திருக்கிறது. எங்கு தொட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் முதன்மைச் சுற்று எங்கோ திறந்திருக்கிறது: சாவியின் பித்தளைச் செருகியைத் திருகி அழுத்துங்கள், இணைப்புக் கம்பிகளின் முனைகளை உப்புத்தாளால் தேயுங்கள். ஜாக்கியைக் கம்பியில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். எடுத்து எடுத்து வையுங்கள். தேய்ந்த இடத்தில் கம்பி மெலிந்துவிட்டால், அடுத்த ஆண்டு வருகிறவனுக்கு நீளம் பொய் சொல்லும்.

கேள்வி (கிருஷ்ணகிரி, தனிப்பயிற்சி ஆசிரியர்): மீட்டர் சமனச்சுற்றில் இரு இடைவெளிகளிலும் உள்ள மின்தடைகளை இடம் மாற்றிச் சராசரி எடுத்தால் முனைப் பிழை முழுவதும் நீங்கிவிடுகிறது. பிறகு ஏன் சமன்செய் புள்ளி நடுவில் வர வேண்டும் என்று மாணவர்களைப் படுத்துகிறார்கள்?

பதில்: பாதி சரி. இடம் மாற்றுவதால் நீங்குவது இரு முனைகளின் பிழைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டுமே. இரண்டும் சமமாக இருந்தால் இடமாற்றம் எதையும் காட்டிக்கொடுக்காது.

செம்புப் பட்டையும் பற்றவைப்பும் சேர்ந்து ஒவ்வொரு முனையிலும் 1 செ.மீ. கம்பிக்குச் சமமான மின்தடையைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையான விகிதம் 4 என்றால், (l + 1)/(101 − l) = 4 என்பதிலிருந்து l = 80.6 செ.மீ. நாம் கணக்கிடுவதோ 80.6/19.4, அதாவது 4.15. இப்போது இடம் மாற்றுங்கள்: சமன்செய் புள்ளி 19.4-இல் வரும், விகிதம் மறுபடியும் அதே 4.15. இரண்டு அளவீடுகளும் அச்சடித்தாற்போல் ஒத்துப்போகின்றன, இரண்டும் ஏறத்தாழ 4 விழுக்காடு தவறு. விகிதம் 1.2 ஆக இருந்தால் அதே கம்பியில் பிழை அரை விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். சரியாக நடுவில் அது மறைந்தே போகும். ஆகவே பெட்டியில் தெரிந்த மின்தடையை மாற்றி, புள்ளியை 40-க்கும் 60-க்கும் இடையே கொண்டுவந்த பிறகே இடம் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம், மாந்தோப்பு வைத்திருப்பவர்): என் மகனின் செய்முறை ஏட்டைப் பார்த்தேன். மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரின் 12 வோல்ட் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. அதன் அக மின்தடையை இந்தக் கம்பியை வைத்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது ஐயா. பள்ளிக் கம்பியில் 2 வோல்ட் அளவுதான் விழுகிறது, உங்கள் பேட்டரிக்குச் சமன் புள்ளியே கிடைக்காது. கிடைக்கும்படி செய்தாலும், நல்ல ஈய அமில பேட்டரியின் அக மின்தடை ஓமில் நூறில் சில பங்குதான். 10 ஓம் வைத்தால் இரு நீளங்களுக்கும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். பிறகு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும் வாகன பல்பு ஒன்றை இணைத்து, எரியும்போதே மறுபடி பாருங்கள். 12.6 என்பது 12.2 ஆனால், 0.4-ஐ 5 ஆல் வகுக்க 0.08 ஓம். 11 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் அக மின்தடை சரியாக இருந்தும் கொள்ளளவு குறைந்திருக்கக்கூடும். அதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு அதே பல்பை எரியவிட்டு, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்கு வந்ததும் பல்பைக் கழற்றி, அன்றைக்கே சார்ஜில் போட்டுவிடுங்கள்.