பெரியம்மாவின் பழைய ஸ்டெதாஸ்கோப்: இது எந்த மாடல், முதல் வருடத்துக்குப் போதுமா?

கேள்வி: "பி.எஸ்சி நர்சிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறேன், ஊர் கோத்தகிரி பக்கம். பெரியம்மா குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார், அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்திருக்கிறார். லிட்மன் என்று டயஃப்ரத்தில் இருக்கிறது, மாடல் பெயர் அழிந்துவிட்டது. ஒரு பக்கம் பெரிய வட்டம், சுற்றிலும் தனியாக ஒரு வளையம். இன்னொரு பக்கம் திறந்த கிண்ணம் மாதிரி, விளிம்பில் கறுப்பு ரப்பர். டியூப் ஒன்றுதான், மேலே போய் இரண்டாகப் பிரிகிறது, ஆனால் விறைப்பாக இருக்கிறது. இது எந்த மாடல்? இதை வைத்துக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?"

பதில்:

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் லிட்மன் கிளாசிக் 2 எஸ்.இ. ஆகத்தான் இருக்கும். 2 என்பதை ரோமன் எண்ணில் போட்டிருப்பார்கள். இப்போது கடையில் விற்பது அதற்கு அடுத்து வந்த கிளாசிக் 3. நான் குன்னூரில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்பவர்கள் நிறைய பேர். அதனால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்கிறேன், நீங்களே கையில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளாசிக் 2-இல் ஒரு பக்கம் டயஃப்ரம், அதாவது மெல்லிய தட்டு மூடிய பெரிய வட்டம், மறுபக்கம் பெல், அதாவது திறந்த கிண்ணம். கிளாசிக் 3-இல் இரண்டு பக்கமும் மூடியிருக்கும், பெரிய பக்கம் பெரியவர்களுக்கு, சின்னப் பக்கம் குழந்தைகளுக்கு. உங்களுடையதில் திறந்த கிண்ணம் இருக்கிறது, அதனால் 2 என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கிளாசிக் 3-இன் சின்ன டயஃப்ரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சில்லிடாத ரப்பர் வளையத்தைப் போட்டால் அதுவும் பெல்தான். அப்படி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், கார்டியாலஜி மாடல்களிலும் இப்படிச் செய்யலாம். எனவே சின்னப் பக்கத்தை மட்டும் பார்த்து மாடலைச் சொல்லக் கூடாது, பெரிய பக்கத்தையும் பார்க்க வேண்டும். கிளாசிக் 3-இல் டயஃப்ரமும் விளிம்பும் ஒரே துண்டு, விரலை ஓட்டினால் இடையில் பள்ளமே இருக்காது. பழையதில் தட்டு தனி, அதைப் பிடித்திருக்கும் வளையம் தனி, நடுவில் அழுக்குச் சேரும் ஒரு கோடு தெரியும். நீங்கள் "தனியாக ஒரு வளையம்" என்று எழுதியதைப் படித்த பிறகுதான் 2 என்று சொல்கிறேன். இன்னொன்று, கிளாசிக் 3-இல் டியூப் வந்து சேரும் உலோகத் தண்டில், அதாவது ஸ்டெம்மில், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சீரியல் எண் பொறித்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உங்களுடையதில் அது இருந்தால் நான் சொன்னதைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

அப்புறம் அது அசல்தானா என்று பார்ப்பது. அச்சு அப்படியே பெயர் போட்டு நகல்கள் வருகின்றன, வெளித்தோற்றத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். டயஃப்ரத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். லிட்மனில் அந்தத் தட்டு வளைந்துகொடுக்கும் விளிம்பில் மிதக்கிற மாதிரி இருக்கும், ஒரு துளி உள்ளே போய்த் திரும்பி வரும். லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தி வைத்தால் உயர்ந்த ஒலி என்று ஒரே பக்கத்திலேயே இரண்டையும் கேட்க முடிவது இதனால்தான். சாதாரண ஸ்டெதாஸ்கோப்பில் தட்டை ஒரு உலோக வளையம் திருகி இறுக்கியிருக்கும், அழுத்தினாலும் அசையாது. அது மட்டமான பொருள் என்று சொல்லவில்லை, வேறு வகை, அவ்வளவுதான். ஆனால் லிட்மன் என்று எழுதியிருந்து தட்டு கல் மாதிரி அசையாமல் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

சரி, வைத்துக்கொள்ளலாமா? தலைப்பகுதி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், அது துருப்பிடிக்காத எஃகு. எனக்குக் கவலை டியூப் பற்றித்தான். அது பி.வி.சி., அதை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வருஷங்கள் போகப் போக வெளியேறிவிடும், கழுத்துத் தோலின் எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். (காலருக்கு மேலே போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.) குளிரிலும் பி.வி.சி. விறைக்கும், அதனால் மலையில் ஒரு குழப்பம் வரும். டிசம்பர் காலையில் புது டியூப்கூடக் கட்டை மாதிரிதான் இருக்கும். மதியம் வெயில் வந்த பிறகு, அல்லது ஸ்வெட்டருக்குள் பத்து நிமிஷம் வைத்து எடுத்து வளைத்துப் பாருங்கள். அப்போது இளகினால் குளிரால் வந்த விறைப்பு. இளகவில்லை, அல்லது இரண்டாகப் பிரியும் இடத்திலும் ஸ்டெம்மில் சேரும் இடத்திலும் மெல்லிய வெடிப்பு தெரிகிறது என்றால் டியூப் முடிந்துவிட்டது. அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் மேலோ வைத்துச் சூடாக்கி இளக்கப் பார்க்காதீர்கள், இன்னும் கெடும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. காதில் மாட்டி, டயஃப்ரத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். காதுக்குள் லேசாக அடைப்பது போலத் தெரிய வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றால் முதலில் ஸ்டெம்மைத் திருப்பிப் பாருங்கள், பெல் பக்கம் திறந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இந்த வகையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கேட்கும், 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை திருப்ப வேண்டும். சரியான பக்கம் திருப்பியும் அடைப்பு தெரியவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது.

இதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது, எனக்கே நடந்தது. இரண்டாம் வருஷ போஸ்டிங்கில் ஒரு எஸ்டேட் அம்மாவுக்கு பி.பி. பார்த்து 118 என்று எழுதினேன், சிஸ்டர் அதே கையில் பார்த்தபோது 142. என் ஸ்டெதாஸ்கோப்பில் ஸ்டெம் பாதி திரும்பி நின்றிருந்தது, ஒரு இயர் டிப்பும் வெடித்திருந்தது. பி.பி.யில் நாம் கேட்கும் கொரோட்காஃப் ஒலி தாழ்ந்த, மெல்லிய ஒலி. ஸ்டெதாஸ்கோப் மந்தமாக இருந்தால் முதல் தட்டல்கள் காதில் விழாது, கொஞ்சம் இறங்கிய பிறகுதான் கேட்கும், மேல் அளவு குறைவாக வரும். அதே காரணத்தால் கடைசித் தட்டல்களும் முன்னாலேயே மறைந்துவிடும், கீழ் அளவு அதிகமாக வரும். இரத்த அழுத்தம் அதிகமுள்ளவருக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவோம். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு மாத்திரை தேவைப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் டயஃப்ரத்தை ஒரு தட்டு தட்டி, காதில் கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளி மேல் வைக்கிறேன்.

டியூப் முடிந்துபோயிருந்தால் தலையை மட்டும் வைத்து ரிப்பேர் செய்யலாமா என்று கேட்பீர்கள். கிளாசிக் வகையில் டியூபும் காதில் மாட்டும் பகுதியும் சேர்ந்த ஒரே உறுப்பு, பழைய மாடலுக்கு அது கிடைப்பது கஷ்டம். கையில் கிடைக்கும் மெல்லிய டியூப்பைச் சொருகினால் ஸ்டெம்மில் இறுக்கமாக உட்காராது, மறுபடியும் கசிவுதான். எனவே டியூப் நன்றாக இருந்தால் இயர் டிப் மட்டும் மாற்றிக்கொண்டு தாராளமாகப் பயன்படுத்துங்கள், முதல் வருஷத்துக்கு அது போதும் என்பதைவிட அதிகம். டியூப் விறைத்துவிட்டது என்றால் பெரியம்மாவின் நினைவாக வைத்துக்கொண்டு புதிது வாங்குங்கள்.

புதிது வாங்கும்போது கார்டியாலஜி மாடல் பக்கம் போகாதீர்கள். அதன் கனமும் விலையும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. நீங்கள் கேட்கப் போவது பி.பி., இதய நுனித்துடிப்பு, மூச்சொலி, குடலொலி, இவ்வளவுதான். இதற்கு உலோகத் தலை, இரண்டு பக்கம், ஒற்றைக் குழாய், சுமார் 27 அல்லது 28 இன்ச் நீளம் உள்ள சாதாரண இந்தியத் தயாரிப்பே போதும். இரண்டு டியூப் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் ஸ்ப்ரேக் வகையை எடுக்காதீர்கள், அவை ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்க வேண்டிய ஒலியை மறைக்கும். இரண்டு பக்கமும் டயஃப்ரம் உள்ளதை விட, ஒரு பக்கம் உண்மையான பெல் உள்ளதையே முதல் வருஷத்துக்கு நான் சொல்வேன். தாழ்ந்த ஒலிக்குப் பெல், உயர்ந்த ஒலிக்கு டயஃப்ரம் என்று வகுப்பில் சொல்லித்தருவதைக் கையால் உணர முடியும். பெல்லை லேசாக வைக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் பழகும், அழுத்தினால் அடியில் உள்ள தோலே இழுபட்டு டயஃப்ரம் மாதிரி ஆகிவிடும்.

நம் ஊருக்காக ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பெல் விளிம்பிலும் டயஃப்ரம் விளிம்பிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். வெறும் உலோகத்தைக் காலையில் ஒரு பாட்டியின் முதுகில் வைத்தால் உடம்பு சிலிர்க்கும், அந்த நடுக்கத்தின் சத்தமே நுரையீரலில் ஏதோ பொரிவது போலக் கேட்கும். வளையம் இருந்தாலும் தலையை உள்ளங்கையில் அரை நிமிஷம் பொத்தி வைத்துவிட்டு வையுங்கள். ஸ்வெட்டர் மேல் வைத்துக் கேட்பது கூடாது, கம்பளி உரசும் சத்தத்தையும் மூச்சொலியையும் அனுபவம் உள்ளவர்களே குழப்பிக்கொள்வார்கள்.

ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ சர்ஜிக்கல் கடைக்கு நேரில் போய் வாங்குங்கள். பெரியம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். இயர் டிப் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி மாட்டிக்கொண்டு, நான் சொன்ன அடைப்புச் சோதனையைச் செய்யுங்கள். பிறகு உங்கள் இடது மார்புக்குக் கீழே, ஐந்தாவது விலா இடைவெளி அருகில், முதலில் டயஃப்ரம், பிறகு பெல் வைத்து உங்கள் இதயத்தைக் கேளுங்கள், அதே இடத்தில் பழையதையும் வைத்துக் கேளுங்கள். கடைச் சத்தத்துக்கு நடுவிலும் 'லப், டப்' இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.