ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற பிரிவு: கெடுவுக்கு முன் வாடகைதாரர் செய்ய வேண்டியது

கேள்வி: என் வீட்டு வாடகை ஒப்பந்தம் 12 மாதங்களுக்கானது. வரும் ஜூன் 30-ஆம் தேதியுடன் அது முடிகிறது. "முடிவுத் தேதிக்குக் குறைந்தது 60 நாட்கள் முன்பாக வாடகைதாரர் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், இதே நிபந்தனைகளுடன் மேலும் 12 மாதங்களுக்கு ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும்" என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. செப்டம்பர் இறுதி வரை இங்கேயே இருந்துவிட்டு வேறு ஊருக்குச் செல்லப் போகிறேன். உரிமையாளரிடம் நேரில் சொன்னேன். "அதற்கென்ன, பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இது போதுமா?

பதில்: போதாது. உரிமையாளர் நல்லெண்ணத்துடனேயே அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு எழுத்து மூலமான மறுப்பைக் கேட்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில், "இதில் எழுதப்படாத எந்த உறுதிமொழியும் செல்லாது, எழுத்தில் கையொப்பமிட்டால் அன்றி எந்த நிபந்தனையும் மாறாது" என்ற பொருளில் இன்னொரு பிரிவும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். நாளை வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டால், புதிய உரிமையாளர் பார்க்கப்போவது காகிதத்தை மட்டுமே.

பொதுவாக ஒருவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. இங்கே நிலைமை வேறு. "நான் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதமாகக் கொள்ளலாம்" என்று கையொப்பமிட்ட அன்றே நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதனால், வீட்டைக் காலி செய்யும்போது நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்ற வழக்கமான எண்ணம் இங்கே உதவாது. புதுப்பித்தல் நடந்தபின் செப்டம்பர் இறுதியில் நீங்கள் வெளியேறினால், அக்டோபர் முதல் அடுத்த ஜூன் வரையிலான 9 மாத வாடகைக்கு உரிமையாளர் உரிமை கோர இடம் ஏற்படும்.

முதலில் கெடு நாளைத் துல்லியமாகக் கணக்கிடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். ஜூன் 30-லிருந்து 60 நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் மே 1 வருகிறது. ஆனால் சில ஒப்பந்தங்கள் "60 முழு நாட்கள்" என்று கேட்கும். அப்போது நோட்டீஸ் கிடைத்த நாளையும் முடிவு நாளையும் சேர்க்காமல் இடையில் 60 நாட்கள் இருக்க வேண்டும் என்று பொருள் கொள்ளப்படுவதால், கெடு ஏப்ரல் 30 ஆகிவிடுகிறது. "இரண்டு மாதங்கள்" என்று எழுதியிருந்தாலும் ஏப்ரல் 30-தான். ஒரே ஒரு நாள் வித்தியாசம் என்றாலும், அந்த ஒரு நாளுக்குப் பின்னால் ஓர் ஆண்டு வாடகை நிற்கிறது. அடுத்து, நோட்டீஸை அனுப்பிய நாள் கணக்கா, கிடைத்த நாள் கணக்கா என்று பாருங்கள். இதற்கான விடை புதுப்பித்தல் பிரிவில் இருக்காது. "அறிவிப்புகள்" என்ற தலைப்பில் தனியாக இருக்கும். "தபாலில் சேர்த்த 5-ஆம் நாள் கிடைத்ததாகக் கருதப்படும்" என்று அங்கே எழுதியிருந்தால், ஏப்ரல் 25-க்குள் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். மே 1 பல நாடுகளில் விடுமுறை நாள் என்பதையும் மறக்க வேண்டாம். இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஏப்ரல் 15-ஐ உங்களுடைய சொந்தக் கெடுவாக வைத்துக்கொள்வது நல்லது. நோட்டீஸை முன்கூட்டியே கொடுப்பதால் பொதுவாக நட்டம் ஏதும் இல்லை. இருந்தாலும் "90 நாட்களுக்கு முன்னதாகவும் அல்ல, 60 நாட்களுக்குப் பின்னதாகவும் அல்ல" என்று இரு எல்லைகளை வைக்கும் பிரிவுகளும் உண்டு; அப்படி இருந்தால் அந்த இடைவெளிக்குள் கொடுக்க வேண்டும்.

நோட்டீஸில் காரணம் எழுத வேண்டியதில்லை. வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். வீட்டின் முழு முகவரி, ஒப்பந்தத் தேதி, பிரிவு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "மேற்கண்ட பிரிவின்படி இந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எனக்கு விருப்பமில்லை என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன், ஒப்பந்தம் ஜூன் 30-ஆம் தேதியுடன் முடிவடையும்" என்று இரண்டு வரி எழுதினால் போதுமானது. "புதுப்பிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை", "அநேகமாகச் செப்டம்பரில் கிளம்பிவிடுவேன்" போன்ற தளர்வான வாக்கியங்கள் மறுப்பாக ஏற்கப்படாமல் போகக்கூடும். ஒப்பந்தத்தில் உங்களுடன் வேறு யாரும் வாடகைதாரராகக் கையொப்பமிட்டிருந்தால், அவரும் நோட்டீஸில் கையொப்பமிடட்டும். ஒருவர் மட்டும் கொடுத்த நோட்டீஸ் மற்றவரையும் கட்டுப்படுத்துமா என்பதே பின்னால் ஒரு வழக்காகிவிடலாம்.

எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். வாடகையை வாங்கிச் செல்பவரிடமோ, வீட்டைக் காட்டிய தரகரிடமோ கொடுப்பது உரிமையாளரிடம் கொடுத்ததாகாது. பதிவுத் தபாலில், பெற்றவர் கையொப்பமிட்ட ஒப்புகை திரும்பி வரும் முறையில் அனுப்புங்கள். நேரில் கொடுக்க முடிந்தால் இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலையும் கைப்பேசிச் செய்தியையும் கூடுதலாக அனுப்பி வைக்கலாம். ஒப்பந்தம் அவற்றை ஏற்பதாகச் சொல்லாதவரை அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி செப்டம்பர். "செப்டம்பர் வரை இருக்க அனுமதித்தால் இருப்பேன், இல்லாவிட்டால் புதுப்பிக்க மாட்டேன்" என்று ஒரே கடிதத்தில் எழுதத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நிபந்தனை கலந்த மறுப்பு, மறுப்பா பேரம் பேசும் கடிதமா என்ற கேள்விக்கு இடம் கொடுக்கிறது. நிபந்தனையற்ற நோட்டீஸை முதலில் கொடுத்துவிட்டு, மூன்று மாத நீட்டிப்பைத் தனிக் கடிதத்தில் கேளுங்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: நோட்டீஸ் கொடுத்துவிட்டால் உரிமையாளருக்கும் விடுதலைதான், அவர் ஜூலை முதல் வேறொருவருக்கு வீட்டை விடலாம், நீங்கள் ஜூன் 30-ல் காலி செய்தாக வேண்டிவரும். மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக வேறு இடம் பார்க்கும் சிரமம், ஒன்பது மாத வாடகைப் பொறுப்பைவிடச் சிறியது என்பது என் கணிப்பு.

இந்த ஆபத்தைத் தவிர்க்க இன்னொரு வழி, கெடுவுக்கு முன்பே ஒரு திருத்த உடன்படிக்கையில் இருவரும் கையொப்பமிடுவது. "புதுப்பித்தல் பற்றிய பிரிவு நீக்கப்படுகிறது, ஒப்பந்தக் காலம் செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்படுகிறது, அன்றுடன் மேற்கொண்டு அறிவிப்பு ஏதுமின்றி முடிவடைகிறது" என்பது அதன் சாரமாக இருக்கட்டும். புறப்படும் தேதி உறுதியாகவில்லை என்றால், ஜூன் 30-க்குப் பிறகு மாதாந்திர வாடகையாகத் தொடரும் என்றும், இருவரில் எவரும் 30 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதலாம். உங்கள் உரிமையாளர் ஏற்கெனவே "பார்த்துக்கொள்ளலாம்" என்றிருப்பதால் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஏப்ரல் 15 வரை கையொப்பம் வராவிட்டால் காத்திராமல் நோட்டீஸை அனுப்பிவிடுங்கள். நீட்டிப்புக் கடிதத்தில் "மற்ற நிபந்தனைகள் அனைத்தும் அப்படியே தொடரும்" என்ற வரி மட்டும் இருந்து, புதுப்பித்தல் பிரிவு நீக்கப்பட்டதாக வெளிப்படையாக எழுதப்படாவிட்டால், அந்தப் பிரிவும் கூடவே தொடர்ந்து, செப்டம்பர் முடிவுக்கு 60 நாட்கள் முன்பாக, அதாவது ஆகஸ்ட் 1-ல், மீண்டும் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

நோட்டீஸும் கொடுத்துவிட்டு, நீட்டிப்பும் எழுத்தில் வாங்காமல், ஜூலையில் அங்கேயே தங்கிவிடுவது எல்லாவற்றிலும் மோசமானது. முடிவுத் தேதிக்குப் பின் தங்கினால் ஒன்றரை மடங்கு அல்லது இரு மடங்கு வாடகை என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். தங்கியதையே புதுப்பித்தலாகக் கொள்ளும் பிரிவுகளும் உண்டு.

கெடு தவறிவிட்டவர்கள் முதலில் தங்கள் பகுதியின் வாடகைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்களில், வாடகைதாரரின் கெடு நாளுக்கு 15 முதல் 30 நாட்களுக்கு முன்பு, இப்படியொரு பிரிவு இருப்பதை உரிமையாளர் எழுத்து மூலம் நினைவூட்ட வேண்டும். நினைவூட்டாவிட்டால் அந்தப் பிரிவை வாடகைதாரருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. உங்கள் ஒப்பந்தத்துக்கு அதே கணக்கைப் போட்டால், மே 1-க்கான நினைவூட்டல் ஏப்ரல் 1-க்கும் ஏப்ரல் 16-க்கும் இடையில் வந்திருக்க வேண்டும். எல்லா இடங்களிலும் இத்தகைய பாதுகாப்பு கிடையாது. ஆகவே இருக்கிறதா என்று சரிபார்க்காமல் இதை நம்பியிருக்கக் கூடாது.

சட்டம் கைகொடுக்காவிட்டாலும் தாமதமான நோட்டீஸை உடனே அனுப்பிவிடுவதே சரி. கெடு ஒரு வாரம் தவறியதைப் பொருட்படுத்தாமல் ஏற்றுக்கொள்ளும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தவிர, வாடகைதாரர் இடையில் வெளியேறினால் உரிமையாளர் நியாயமான முயற்சி எடுத்து வேறொருவரைக் குடிவைக்க வேண்டும் என்று பல இடங்களின் சட்டம் எதிர்பார்க்கிறது. அங்கெல்லாம் உங்கள் பொறுப்பு மீதிக் காலம் முழுவதற்கும் அல்ல, புதியவர் வரும்வரை வீடு காலியாக இருந்த மாதங்களுக்கும் அதற்கான நியாயமான செலவுகளுக்கும் மட்டுமே. எவ்வளவு முன்னதாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்த மாதங்கள் குறையும்; தகுதியான ஒருவரை நீங்களே அழைத்து வந்தால் இன்னும் குறையும். ஒரு குறிப்பிட்ட தொகையைக் கொடுத்து விடுவித்துக்கொள்வது என்று முடிவானால், "இருவருக்கும் இனிக் கோரிக்கை ஏதுமில்லை" என்ற வாசகத்துடனும், முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும் என்ற விவரத்துடனும் விடுவிப்புக் கடிதம் வாங்கிய பிறகே சாவியை ஒப்படைக்க வேண்டும். சாவியை உரிமையாளர் வாங்கிக்கொண்டதாலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.